30 நாள் கடனும் 4 சதவீதத் தள்ளுபடியும்: அண்ணாச்சியிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: திருமங்கலம் பக்கம் மளிகைக் கடை நடத்துகிறேன். அப்பாவுக்குப் பிறகு ஆறு வருடமாக நான்தான் பார்க்கிறேன். அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் மதுரை கீழமாசி வீதியில் ஒரே அண்ணாச்சியிடம்தான். மாதம் 3 லட்ச ரூபாய்க்கு வாங்குகிறேன், வாரம் மூன்று தடவை வண்டி வரும், 7 நாளில் பணம் கொடுக்க வேண்டும். 30 நாள் கடனும் எல்லாச் சரக்கிலும் 4 சதவீதம் தள்ளுபடியும் கேட்டுக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், கொடுக்கத்தான் தயக்கம். மாத விற்பனை 4,80,000, மொத்தக் கொள்முதல் 4,20,000. இருப்பு 2,20,000, அதில் அண்ணாச்சி சரக்கு 90,000. பற்று நோட்டில் வெளியே நிற்பது 98,000. ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன். பிப்ரவரியில் ஒரு காசோலை திரும்பியது, மூன்றாம் நாளே கட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கொடுக்கலாமா?

பதில்: இந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம். கேட்பது தவறில்லை. கேட்டிருக்கும் அளவுதான் தவறு. நான் பதினெட்டு வருடம் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கும் வசூலும் பார்த்தவன். இப்படிப்பட்ட கடிதங்கள் முதலாளியின் மேசைக்கு வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் கால்குலேட்டரை எடுப்பார், இரண்டு நிமிடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "பார்க்கலாம்மா" என்பார். அதோடு முடிந்தது. அடுத்த முறை நீங்கள் நியாயமான ஒன்றைக் கேட்டாலும் அந்தப் பழைய கடிதம்தான் அவருக்கு ஞாபகம் வரும்.

அவர் போடும் கணக்கை நாமே முதலில் போட்டுவிடுவோம். மாதம் 3 லட்சம் என்றால் நாளைக்கு 10,000 ரூபாய்ச் சரக்கு. 7 நாள் கடன் என்றால் எந்த நேரமும் அவருடைய பணம் 70,000 உங்களிடம் நிற்கிறது. 30 நாள் ஆக்கினால் 3 லட்சம் நிற்கும். கூடுதல் 2,30,000 ரூபாயை அவர் தன் வங்கி ஓ.டி.யிலிருந்துதான் எடுக்க வேண்டும். வருடத்துக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் 2,300 ரூபாய். அதற்கு மேல் 4 சதவீதத் தள்ளுபடி, மாதம் 12,000. ஆக, மாதம் 14,300 ரூபாயை விட்டுக் கொடுங்கள் என்று கேட்கிறீர்கள்.

அவருக்கு உங்கள் வியாபாரத்தில் கிடைப்பது எவ்வளவு? நான் இருந்த இடத்தில் சர்க்கரையில் ஒரு சதவீதம் தேறினாலே பெரிது. எண்ணெயில் ஒன்றரை, பருப்பில் இரண்டு மூன்று, அரிசியில் ரகத்தைப் பொறுத்து அதைவிடக் கொஞ்சம் கூட. எல்லாம் கலந்து சராசரி 3 சதவீதம் என்று தாராளமாகவே வைத்தாலும் உங்கள் 3 லட்சத்தில் அவருக்கு 9,000. அதிலிருந்துதான் வண்டி வாடகை, ஏற்றுகூலி, கடைப் பையன்கள் சம்பளம் எல்லாம் போக வேண்டும். 9,000 சம்பாதிக்கும் இடத்தில் 14,300 எப்படிக் கொடுப்பார்? பத்து வருடப் பழக்கம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இன்னொன்றும் இருக்கிறது. கடனும் விலையும் மொத்த வியாபாரிக்கு இரண்டு தனித்தனி விஷயங்கள் அல்ல. எத்தனை நாள் கடன் என்பதைப் பார்த்துத்தான் அவர் ரேட் போடுகிறார். ரொக்கம் கொடுப்பவனுக்கு ஒரு ரேட், பதினைந்து நாள் கடைக்காரனுக்கு ஒரு ரேட், மாதக்கணக்கில் இழுப்பவனுக்கு வேறு ரேட். இதை வெளியே சொல்லமாட்டார்கள். ஆனால் பில்லில் இருக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால், ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் எடுத்துக்கொள்வார். அதனால் உங்களுக்கு உண்மையில் எது வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கான விடை நீங்கள் அனுப்பிய எண்களிலேயே இருக்கிறது.

அண்ணாச்சி சரக்கு 90,000 ரூபாய்க்கு இருப்பு. நாளைக்கு 10,000 வாங்குகிறீர்கள். அப்படியானால் அவருடைய அரிசியும் பருப்பும் சராசரியாக 9 நாள் உங்கள் கடையில் இருந்துவிட்டு விற்றுப் போகின்றன. பற்று நோட்டில் 98,000 நிற்கிறது. உங்கள் தினசரி விற்பனை 16,000, அதாவது ஏறக்குறைய 6 நாள் விற்பனை வெளியே நிற்கிறது. 9 நாளும் 6 நாளும் சேர்த்து 15 நாள். அண்ணாச்சி வண்டி இறக்கிய மூட்டை உங்கள் கல்லாவுக்குப் பணமாகத் திரும்பி வர எடுக்கும் காலம் அவ்வளவுதான். அவருக்கு 7 நாளில் கொடுப்பதால் நடுவில் ஒரு வாரம் இடறுகிறது. உங்களுக்கு வாரக் கடைசியில் மூச்சு முட்டுவது இந்த ஒரு வாரத்துக்காக.

அப்படியானால் 30 நாள் எதற்கு? மீதி இருப்பைப் பாருங்கள். 1,30,000 ரூபாய்க்கு சோப்பு, ஷாம்பு, மசாலா பாக்கெட், பூஜைச் சாமான், பாத்திரம் தேய்க்கும் நார் என்று இருக்கிறது. அதில் நீங்கள் வாங்குவது நாளைக்கு 4,000 தான். அந்தச் சரக்கு 32 நாள் தட்டில் தூங்குகிறது. அண்ணாச்சியிடம் 30 நாள் கேட்பது, அவர் பணத்தில் அந்தத் தட்டை நிரப்பி வைக்கத்தான். அதை அவர் செய்ய வேண்டியதில்லை. அந்தத் தட்டில் ஓடாத பொருளைக் குறைப்பது உங்கள் வேலை.

ஆகவே கேட்க வேண்டியது 14 நாள். அவருக்குக் கூடுதலாக நிற்பது 70,000 ரூபாய், அதற்கு மாத வட்டி 700. உங்களுக்கோ ஒரே தடவையில் 70,000 ரூபாய் கையில் புழங்கும். 30 நாளைக் கேட்டு "பார்க்கலாம்" வாங்குவதைவிட, 14 நாளைக் கேட்டு "சரி" வாங்குவது மேல்.

இனி விலை. எல்லாச் சரக்கிலும் 4 சதவீதம் என்று ஒட்டுமொத்தமாகக் கேட்காதீர்கள். கம்பெனிப் பொருளில், அதாவது சோப்பு, பிஸ்கட் மாதிரி எம்.ஆர்.பி. அச்சிட்டு வருவதில், அவர் கையில் விலை இல்லை. அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: கம்பெனி ஸ்கீம் ஓடும்போது, பத்துக்கு ஒன்று இலவசம் என்று வருவதை அப்படியே எனக்கு இறக்குங்கள் என்பது. பேசுவதற்கு இடம் இருப்பது அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு, எண்ணெய் ஆகிய நான்கில். உங்கள் 3 லட்சத்தில் இந்த நான்கும் 2 லட்சம் வரும் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பில்களை எடுத்துக் கூட்டிச் சரிபாருங்கள். இந்த நான்கில் மட்டும் ஒரு சதவீதம் கேளுங்கள். அது மாதம் 2,000 ரூபாய்.

சும்மா கேட்டால் இதுவும் கிடைக்காது. அவருக்குச் செலவு எங்கே குறையும் என்று பார்த்து, அந்தக் குறைவில் உங்கள் பங்கைக் கேட்க வேண்டும். வாரம் மூன்று தடவை வண்டி உங்கள் வாசலில் நிற்கிறது, மாதத்துக்குப் பதின்மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் வண்டி, ஆள், இறக்குகூலி, பில் போடும் வேலை எல்லாம் சேர்த்து 150 ரூபாயாவது அவருக்குப் போகும். வாரம் ஒரே லோடாக எடுத்துக்கொள்கிறேன், முந்தின நாள் மாலையே ஆர்டர் சொல்லிவிடுகிறேன், உடைக்காத முழு மூட்டையாகத்தான் எடுப்பேன் என்று நீங்கள் சொன்னால், பதின்மூன்று நான்காகிவிடும். ஒன்பது தடவைச் செலவு, 1,350 ரூபாய், அவருக்கு மிச்சம். இதில் உங்களுக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வாரம் ஒரு லோடு என்றால் சராசரி இருப்பு இரண்டு நாளாவது கூடும், அதாவது 20,000 ரூபாய்ச் சரக்கு கூடுதலாகக் கடைக்குள் இருக்கும். அதற்கு இடமும் வேண்டும், வண்டும் எலியும் அண்டாத அடுக்கும் வேண்டும். இடம் இல்லையென்றால் வாரம் இரண்டு லோடு சொல்லுங்கள், தள்ளுபடியையும் அதற்கேற்ப அரை சதவீதமாகக் கேளுங்கள்.

இன்னொன்றையும் கொடுக்கலாம். மிளகாய், மல்லி, சீரகம், கடுகு எல்லாம் லைன் வண்டியில் வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் மாதம் 60,000 ரூபாய்ச் சரக்கை அண்ணாச்சிக்கே மாற்ற முடியுமானால், அதே 3 சதவீதத்தில் அவருக்கு 1,800 கூடுதலாகக் கிடைக்கும். இந்த 60,000-க்கும் 14 நாள் கடன் என்றால் 28,000 ரூபாய் நிற்கும், அதற்கு வட்டி 280. இப்போது அவர் பக்கத்தை மொத்தமாகக் கூட்டுவோம். பழைய லாபம் 9,000. கடன் நாளுக்காக 700 போகிறது, விலையில் 2,000 போகிறது. வண்டிச் செலவில் 1,350 மிச்சம், புதுச் சரக்கில் 1,800 வரவு, அதன் வட்டி 280 கழிவு. மீதி 9,170. பழைய 9,000-க்குக் குறையவில்லை. உங்களுக்குக் கையில் புழங்க 70,000 ரூபாயும், அதோடு மாதம் 2,000 ரூபாயும் கிடைக்கின்றன. கடிதத்தில் இந்தக் கூட்டலை எழுத வேண்டாம். அவர் லாபத்தை அவரிடமே எண்ணிக் காட்டினால் யாருக்கும் பிடிக்காது. உங்கள் மனதில் மட்டும் இருக்கட்டும்.

ஒருவேளை அவர், "கடன் நாளெல்லாம் வேண்டாம்மா, ரொக்கமாகக் கொடு, பில்லில் ஒரு சதவீதம் கழித்துத் தருகிறேன்" என்று மாற்றிச் சொல்லலாம். உடனே மறுத்துவிடாதீர்கள். 14 நாள் கழித்துக் கொடுப்பதை இன்றே கொடுப்பதற்காக ஒரு சதவீதம் என்பது, வருடக் கணக்கில் பார்த்தால் 26 சதவீதம். 3 லட்சத்தில் மாதம் 3,000 ரூபாய் குறையும். அதற்கு உங்களுக்கு 1,40,000 ரூபாய் தேவைப்படும். வங்கியில் 12 சதவீதத்தில் அந்தத் தொகைக்கு ஒரு ஓ.டி. கணக்கு கிடைத்தால் மாத வட்டி 1,400. மாதம் 1,600 உங்கள் பக்கம் நிற்கும். முத்ரா திட்டத்தில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரையிலான கிஷோர் வகைக் கடன் அடமானம் இல்லாமல் தரப்படுவது. ஜி.எஸ்.டி. கணக்கு, ஒரு வருட வங்கிக் கணக்கு அறிக்கை இரண்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் கணக்கு இருக்கும் வங்கியிலேயே கேளுங்கள். ஆனால் அந்தப் பணத்தைத் தண்டல்காரரிடம் வாங்கிக் கட்டாதீர்கள். 9,000 கையில் கொடுத்து 100 நாள் நூறு நூறாக 10,000 வசூலிக்கும் தண்டல், வருடக் கணக்கில் 70 சதவீதத்துக்கு மேல் போகும். அதில் கடன் வாங்கி 26 சதவீதத் தள்ளுபடியைப் பிடிப்பது நட்டம்.

காம்போசிஷனில் இருப்பதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பில்லில் போடும் ஜி.எஸ்.டி.யை நீங்கள் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது, அது முழுக்க உங்கள் செலவு. அதனால் எந்த ரேட்டையும் வரி, வண்டி, இறக்குகூலி எல்லாம் சேர்த்து, கடை வாசலில் ஒரு கிலோ என்ன விலைக்கு வந்து நிற்கிறது என்று மட்டும் ஒப்பிடுங்கள். அரிசியில் இது அதிகம் ஏமாற்றும். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை உள்ள லேபிள் ஒட்டிய மூட்டைக்கு 5 சதவீத வரி, அதற்கு மேல் இருந்தால் வரி இல்லை. அதனால்தான் 26 கிலோ சிப்பம் வந்தது. 25 கிலோ விலையையும் 26 கிலோ விலையையும் மூட்டைக்கு மூட்டை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். கிலோவுக்கு ஒப்பிடுங்கள்.

அதே காரணத்துக்காக, தள்ளுபடி பில்லிலேயே குறைந்து வர வேண்டும். "வருடக் கடைசியில் மொத்தமாகப் பார்த்துப் போட்டுத் தருகிறேன்" என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். நான் வேலை பார்த்த இடத்திலேயே ஒரு கடைக்காரருக்கு வருடத்துக்கு ஒரு சதவீதம் என்று சொல்லியிருந்தார்கள். மார்ச்சில் அவர் வந்து கேட்டபோது, நடுவில் இரண்டு பில் தாமதமானது என்று சொல்லி முக்கால்வாசியைக் கழித்துவிட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் அவரால் ஒன்றும் பேச முடியவில்லை. கழித்த கணக்கை எழுதியவன் நான். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

கடிதத்தை இப்படி மாற்றி எழுதுங்கள். உங்கள் சொற்களில் திருத்திக்கொள்ளலாம், ஆனால் எண்களை விடாதீர்கள்.

"அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். சென்ற 12 மாதங்களில் நம் கடையில் மாதம் சராசரி 3 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு எடுத்திருக்கிறேன். பில் வாரியாகப் பட்டியல் இணைத்துள்ளேன். பிப்ரவரியில் ஒரு காசோலை திரும்பியது என் தவறு. மூன்றாம் நாள் கட்டிவிட்டேன். அதன் பிறகு காசோலை இல்லாமல் நேரடியாக வங்கி வழியாகவே அனுப்பி வருகிறேன்.

அடுத்த மாதம் முதல் வாரத்துக்கு ஒரே லோடாக எடுத்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை மாலை ஆர்டர் சொல்லிவிடுவேன், புதன்கிழமை இறக்கினால் போதும். அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு, எண்ணெய் நான்கையும் முழு மூட்டை, முழு டின்னாகவே எடுப்பேன். மிளகாய், மல்லி, சீரகம், கடுகு மாதம் 60,000 ரூபாய் அளவுக்கு இனிமேல் உங்களிடமே எடுக்கிறேன்.

இதற்கு இரண்டு உதவி கேட்கிறேன். பில் தேதியிலிருந்து 14 நாள் தவணை, மொத்தப் பாக்கி எந்த நேரத்திலும் 1,70,000 ரூபாய்க்கு மேல் போகாது. போனால் வண்டியை நிறுத்திவிடுங்கள். அந்த நான்கு சரக்கிலும் அன்றைய ரேட்டில் ஒரு சதவீதம் குறைத்துப் பில்லிலேயே போட்டுத் தரவும். மூன்று மாதம் பார்ப்போம். ஒரு பில் தவணை தாண்டினாலும் பழைய 7 நாளுக்கே திரும்பிக்கொள்கிறேன்."

காசோலை விஷயத்தை நீங்களே எழுதுவது முக்கியம். அவருடைய கணக்குப்பிள்ளை அதைச் சிவப்பு மையில் குறித்து வைத்திருப்பார். நீங்கள் சொல்லாமல் விட்டால், பேச்சு அங்கேதான் நிற்கும். வங்கி வழியாக அனுப்புவதாக எழுதியிருக்கிறேன். இன்னும் காசோலைதான் கொடுக்கிறீர்கள் என்றால், முதலில் ஒரு மாதம் அப்படி அனுப்பிவிட்டுப் பிறகு எழுதுங்கள். உண்மையில்லாத ஒரு வரி இருந்தாலும் அவர் பேரேட்டைத் திருப்பினால் தெரிந்துவிடும். 1,70,000 என்பது புதுச் சரக்கையும் சேர்த்து நாளைக்கு 12,000 வீதம் 14 நாளுக்கு வரும் 1,68,000-ஐ முழுதாக்கிய தொகை. கடன் கொடுப்பவனுக்கு நாள் எண்ணிக்கையைவிட அதிகபட்சத் தொகைதான் தூக்கத்தைக் கொடுக்கும். அதை நீங்களே வரம்பு கட்டிச் சொன்னால் பாதி பயம் போய்விடும்.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். பழைய பாக்கியைத் தீர்த்த அடுத்த நாள், மாத நடுவில், மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் நேரில் போங்கள். மார்ச் கடைசியிலோ தீபாவளிக்கு முந்தின வாரத்திலோ போனால் அவரால் காது கொடுக்க முடியாது. வாயால் பேசுங்கள், கடிதத்தைக் கையில் கொடுங்கள். முடிவு அவர் எடுப்பார், ஆனால் தினமும் பில் போடுவது கணக்குப்பிள்ளையும் மகனும்தான். எழுத்து அவர்களுக்காக. அவர் சம்மதித்தால் அதே தாளின் கீழே தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடன் நாள் கூடினால் அவர் உத்தரவாதமாக ஒரு காசோலை கேட்கலாம். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுக் காசோலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதை வேறு யார் நிரப்பியிருந்தாலும், கையெழுத்து உங்களுடையதாக இருந்தால் கடனுக்காகக் கொடுத்ததாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். 2019-ல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. அது இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அவர் கடைப் பெயரும், 1,70,000-க்கு மேல் போகாத ஒரு தொகையும் எழுதிக் கொடுங்கள். காசோலை எண்ணைக் கடிதத்தில் குறித்து, உத்தரவாதத்துக்காக என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம். அது கையில் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் கட்டாவிட்டால் அது குற்ற வழக்கு. பிப்ரவரியில் திரும்பியதை மூன்றாம் நாளே கட்டியது நல்லதாகப் போயிற்று.

அவர் சரி என்று சொன்ன பிறகு நடக்கக் கூடியவை இரண்டு. ஒன்று, ரேட் மெல்ல ஏறும். 14 நாள் கொடுத்தாயிற்று, மூட்டைக்கு இருபது முப்பது கூட்டிப் போட்டால் தெரியவா போகிறது என்று பில் போடுகிறவர் நினைக்கலாம். துவரம்பருப்பு 50 கிலோ மூட்டைக்கு 100 ரூபாய் கூடினால் கிலோவுக்கு இரண்டு ரூபாய், நீங்கள் வாங்கிய ஒரு சதவீதம் அதிலேயே போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மாதம் மூன்று நாள், உங்களுக்குப் பில் போட்ட அதே நாளில், வேறு இரண்டு மொத்தக் கடைகளில் இந்த நான்கு சரக்கின் ரேட்டைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது. மளிகை ரேட் நாளுக்கு நாள் மாறும், வேறு நாள் ரேட்டோடு ஒப்பிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். ஒப்பிடும்போது ரகமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாம் ரகப் பருப்பின் ரேட்டைக் காட்டி முதல் ரகத்துக்குக் குறைக்கச் சொன்னால் கடையில் மரியாதை போய்விடும். மூன்று தடவையும் உங்கள் பில் மட்டும் மேலே நின்றால் நோட்டை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடமே போங்கள், கணக்குப்பிள்ளையிடம் வேண்டாம். மாதம் ஒரு தடவை அவர் பேரேட்டில் உங்கள் பாக்கி எவ்வளவு என்று பார்த்து உங்கள் கணக்கோடு ஒத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும்போதெல்லாம் எந்த பில் எண்ணுக்கு என்று குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் பழைய பில் ஒன்று திறந்தே கிடந்து, தவணை தாண்டியதாகக் காட்டும்.

இரண்டாவது, உங்கள் பக்கத்தில் நடப்பது. கையில் 70,000 வந்ததும் பற்று நோட்டு தாராளமாகிவிடும். கேட்கிறவர்களுக்கு முகம் பார்த்துக் கொடுத்துவிடுவோம். இன்று 98,000 நிற்கிறது. ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதி, சம்பளக்காரர்கள் எல்லாம் கட்டி முடித்த பிறகு, நோட்டை மொத்தமாகக் கூட்டுங்கள். மூன்று மாதத்தில் அது 1,20,000-ஐத் தாண்டினால், அண்ணாச்சி உங்களுக்குக் கொடுத்த கூடுதல் நாட்கள் உங்களிடம் தங்கவில்லை, ஊருக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அப்படி ஆனால் அவரிடம் மறுபடி நாள் கூட்டிக் கேட்பதற்கு முன், அந்த நோட்டில் இரண்டு மாதமாக ஒரு ரூபாயும் கட்டாத பெயர்களைத் தனித் தாளில் எழுதி, அவர்களுக்குப் புதுப் பற்றை நிறுத்துங்கள்.